வில்லுப்பாட்டுக்கு நடுவில் போட்ட கோடுகள்

பங்குனி மாசம் எங்க ஊர் சுடலைமாடசாமி கோயில் கொடை. கும்பப்பூ அறுத்து, வைக்கோல் படப்பு போட்டு, கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கிற சமயம். போன வருஷக் கொடையில் வில்லுப்பாட்டு முழுவதையும் கேமரா வச்சுப் பிடிச்சு யூடியூபில் போட்டேன். மூணரை மணி நேரம். வயல், வாழை, தேங்காய்னு எழுதிக்கிட்டிருந்தவன் இப்போ யூடியூப் கணக்கு எழுதுறானேன்னு நினைக்க வேண்டாம். ஒரு பாட்டைச் சுருக்கணுமா வேண்டாமான்னு ஊரில் நடந்த ஒரு சண்டையைப் பத்தித்தான் எழுதப்போறேன்.

வில்லுப்பாட்டு நேரில் கேக்காதவங்களுக்குச் சுருக்கமா. பெரிய வில்லைக் கிடத்தி, நடுவில் குடத்தைச் சேத்துக் கட்டி, நாணில் மணி தொங்கவிட்டு, வீசுகோலால் அடிச்சுப் பாடுவாங்க. உடுக்கு, தாளம், கட்டை கூட இருக்கும். தலைமைப் புலவரை நாங்க அண்ணாவின்னு சொல்லுவோம். பாட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. காப்பு பாடி, வருபொருள் சொல்லி, குருவை வணங்கி, அவையடக்கம் பாடி, நாட்டுவளம் பாடி, அப்புறந்தான் கதை. கடைசியில் எல்லாரையும் வாழ்த்தி வாழி. கதை ஒரு இடத்துக்கு வரும்போது உடுக்கு ஏறும், சாமி ஆடுறவங்களுக்கு அருள் வரும். மூணரை மணி நேர வீடியோவில் கூட்டம் எதைத் தேடி வரும்னு நான் சொல்லவே வேண்டாம்.

முதல் மாசம் வீடியோவை மொட்டையாத்தான் விட்டிருந்தேன். பாத்தவங்க கமெண்டில் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அண்ணே, சாமி வாற இடம் எத்தனாவது நிமிஷம்?" மஸ்கட்டில் இருக்கிற எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் அவனே தேடிக் கண்டுபிடிச்சு கமெண்டில் நேரத்தை எழுதிட்டான். அதைத் தொட்டா அந்த இடத்துக்குப் போகும். ஆனா கமெண்டில் எழுதுற நேரம் வெறும் வழிகாட்டிதான், வீடியோவை அது பிரிக்காது. வீடியோ போட்டவர் கீழே டிஸ்கிரிப்ஷனில் எழுதினா ஓடுற கோடு துண்டு துண்டாப் பிரியும். யூடியூப் இதை 2020 மே மாசம் கொண்டுவந்தது. துண்டுக்கு அவங்க வச்ச பேரு சாப்டர்.

நானும் உக்காந்து எழுதினேன்.

```
0:00 காப்பு, வருபொருள்
6:40 குருவடி, அவையடக்கம்
15:10 நாட்டுவளம்
31:25 கைலாயத்தில் பிறப்பு
1:02:50 மயானம் போன கதை
1:34:15 பூலோகம் வருதல்
2:05:30 காளிப்புலையன் கதை
2:51:00 சாமி அழைப்பு
3:22:40 வாழி
```

இது கடைசியில் சரியா வந்த பட்டியல். முதலில் போட்டது மூணு தடவை சொதப்பினது. முதல் தடவை, பாட்டு தொடங்குற இடந்தானேன்னு 0:05 என்று ஆரம்பிச்சேன். நேரமெல்லாம் நீலமா மாறி, தொட்டாப் போச்சு. ஆனா கோடு பிரியவே இல்லை. முதல் வரி 0:00 ஆகத்தான் இருக்கணும், குறைஞ்சது மூணு வரி வேணும், ஒவ்வொரு துண்டும் பத்து செகண்டாவது ஓடணும். இந்த மூணில் ஒண்ணு தப்பினாலும் சாப்டர் வராது. ரெண்டாவது தடவை 2:05:30-ஐ 1:05:30 என்று அடிச்சுட்டேன். நேரம் ஏறுவரிசையில் போகணும். ஒரு வரி பின்னால் போனதால் ஒன்பது துண்டும் காணாமப் போச்சு. யூடியூப் எந்த வரியில் தப்புன்னு சொல்லாது, நாமதான் எண்ணிப் பாக்கணும்.

மூணாவதுதான் மோசம். வீடியோ தொடக்கத்தில் மைக் சோதனை, "ஹலோ ஹலோ", நாலரை நிமிஷம் இருந்தது. ஆள்கள் சிரிக்காங்கன்னு யூடியூபுக்குள்ளேயே வெட்டிட்டேன். வீடியோ சுருங்கினது, டிஸ்கிரிப்ஷனில் எழுதின நேரம் சுருங்கலை. சாமி அழைப்பைத் தொட்டவன் அழைப்பு தொடங்கி நாலரை நிமிஷம் கழிஞ்சு போய் விழுந்தான். இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லலை. கோட்டைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன்.

கோடுன்னா, யூடியூப் ஸ்டுடியோவில் Audience retention என்று ஒரு படம் இருக்கும். வீடியோவின் எந்த இடத்தை எத்தனை சதவீதம் பேர் பாத்தாங்கன்னு சொல்ற கோடு. ஒரு இடம் எத்தனை தடவை பாக்கப்பட்டதோ அதை மொத்தப் பார்வையால் வகுத்த கணக்குத்தான் அது. ஒருத்தரே திருப்பித் திருப்பிப் பாத்தா நூறு சதவீதத்துக்கு மேலேயும் போகும். என் தங்கச்சி மகன் கம்ப்யூட்டர் படிக்கிறவன். அவன் இதையே யூடியூபின் API வழியா எண்ணா எடுத்துக் குடுத்தான். எவ்வளவு நீள வீடியோவானாலும் அது நூறு புள்ளிதான் தரும். எங்க வீடியோவுக்கு ஒரு புள்ளின்னா ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. அரை நிமிஷத் துண்டு ஒண்ணு போட்டா அதில் என்ன நடந்துதுன்னு தெரியவே தெரியாது. சல்லடைக் கண்ணு பெருசு, குறுநொய் கீழே போயிரும்.

சாப்டர் போடுறதுக்கு முன்னாடி அந்தக் கோடு நம்ம வரப்பு மாதிரி சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாத்தான் கிடந்தது. பாக்கிறவன் விரலை வச்சு இழுக்கிறான், பத்து செகண்ட் பத்து செகண்டாத் தட்டிக்கிட்டே போறான், எங்கேயோ விழுகிறான். ஒவ்வொருத்தன் ஒவ்வொரு இடத்தில் விழுந்ததால் எல்லாம் கலங்கின தண்ணி. சாப்டர் போட்ட பிறகு எல்லாரும் ஒரே படிக்கட்டில் இறங்கினாங்க. இழுக்கும்போதே துண்டின் பேரு தெரியுது. போனில் ரெண்டு விரலால் ரெண்டு தட்டு தட்டினா அடுத்த துண்டு. கம்ப்யூட்டரில் Ctrl-ஐப் பிடிச்சுக்கிட்டு வலது அம்புக்குறி. கோடு சீப்புப் பல்லு மாதிரி ஆச்சு. ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் ஒரு கொம்பு, பிறகு சரிவு, அடுத்த தலைப்பில் அடுத்த கொம்பு.

நாலரை நிமிஷத் தப்பு தெரிஞ்சது இப்படித்தான். கொம்புக்குச் சரியா முன்னால் இன்னொரு புடைப்பு நின்னது. விழுந்தவங்க "இது நடுவில்லா இருக்கு"ன்னு பின்னால் தள்ளியிருக்காங்க. தொடக்கம் சரியா இருந்தா யாரும் பின்னால் போக மாட்டாங்க. ஒவ்வொரு வரியிலும் நாலரை நிமிஷம் கழிச்சு எழுதினேன், ரெண்டு நாளில் அந்தப் புடைப்பு படிஞ்சுட்டு.

இனி சண்டைக்கு வாறேன். இந்த வருஷக் கொடைக்கு முன்னால் கோயில் கமிட்டி கூடினப்போ, வெளியூரில் வேலை பாக்கிற தம்பி ஒருத்தன் என் கோட்டைப் போனில் வச்சுக் காட்டினான். "பாத்தியளா, நாட்டுவளத்தில எல்லாவனும் போயிருதான். பதினாறு நிமிசம் எதுக்கு? அஞ்சு நிமிசத்தில முடிக்கச் சொல்லுவோம். மிச்ச நேரத்துக்குச் செண்டை மேளம் வைக்கலாம்." படத்தைப் பாத்தா அவன் சொன்னது உண்மை மாதிரித்தான் இருந்தது. நாட்டுவளத்தில் கோடு கிணத்துக்குள்ள இறங்கின மாதிரி இறங்கியிருந்தது. தலைவரும் தலையாட்டிட்டார்.

அண்ணாவி அங்கே இல்லை. இருந்திருந்தா உடுக்கைக் கையில் எடுத்திருப்பார். படம் என்னுதுங்கிறதால எனக்குத்தான் வயித்தைக் கலக்கினது. நான் போட்ட துண்டை வச்சே ஒரு பாட்டை வெட்டுறாங்க.

ராத்திரி நோட்டை எடுத்து உக்காந்தேன். விளக்கத்துக்காக நூறு பார்வைன்னு ஒரு கணக்கு வச்சுக்குவோம். இதில் எழுபது பேர் தொடக்கத்திலிருந்து வாறாங்க. முப்பது பேர் வாட்ஸப்பில் வந்த இணைப்பைத் தொட்டு நேரா சாமி அழைப்பில் குதிக்கிறாங்க. அப்போ கோடு நூறில் தொடங்காது, எழுபதில்தான் தொடங்கும். முதல் புள்ளியே குறைவா இருந்தா தொடக்கம் பிடிக்கலைன்னு அர்த்தம் இல்லை, பலபேர் அந்த வாசல் வழியா வரவே இல்லைன்னு அர்த்தம். நாட்டுவளம் தொடங்கும்போது நாப்பது பேர் இருக்காங்கன்னு வைங்க. அதில் இருபது பேர் தாவுறாங்க. பத்து பேர் அடுத்த துண்டான கைலாயப் பிறப்புக்கு, பத்து பேர் சாமி அழைப்புக்கு. இருந்து கேட்ட இருபதில் அஞ்சு பேர் வீடியோவையே மூடிட்டுப் போறாங்க. கோட்டில் நாப்பது இருபதாகி, பதினஞ்சாகி, கைலாயப் பிறப்பில் திரும்ப இருபத்தஞ்சாகும்.

கமிட்டித் தம்பி கண்ணுக்கு நாப்பது பதினஞ்சானது மட்டுந்தான் தெரிஞ்சது. இருபத்தஞ்சு பேர் ஓடிட்டாங்கன்னு படிச்சான். ஓடினது அஞ்சு பேர், தாண்டினது இருபது பேர். ஓடினவனும் தாண்டினவனும் பள்ளத்தில் ஒரே மாதிரித்தான் தெரிவான். பள்ளத்துக்கு அந்தப்பக்கம் பாக்கணும். அந்தப்பக்கம் மேடு ஏறினா தாண்டியிருக்கான், பள்ளமே தரையாக் கிடந்தா போயே போயிட்டான். கோடு மேலே ஏறணும்னா வேற இடத்திலிருந்து யாராவது வந்தாத்தானே ஏறும்? எங்க படத்தில் நாட்டுவளத்துக்கு அந்தப்பக்கம் நல்ல ஏத்தம் இருந்தது.

ஆனா தாண்டுறதும் ஒரு தீர்ப்புத்தானே, பாதிப்பேருக்கு நாட்டுவளம் வேண்டாம்னுதானே அர்த்தம்னு நீங்க கேக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அப்போதான் அந்தப் பள்ளத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கூன் கண்ணில் பட்டது. 21:30 பக்கம். அங்கே தலைப்பு எதுவும் கிடையாது. சாப்டர் தலைப்பு இல்லாத இடத்தில் கொம்பு வந்தா அது யூடியூப் காட்டின வழி இல்லை, ஆள்களே வெட்டின ஒத்தையடிப்பாதை. போய்க் கேட்டேன். பேச்சிப்பாறைத் தண்ணி கால்வாய் வழி வந்து எங்க குளம் பெருகுறதைப் பாடிட்டு, அண்ணாவி ஊரில் ஒவ்வொரு தெருவாப் போறார். கொடைக்கு வரி குடுத்த குடும்பங்களோட வீட்டுப்பேரைச் சொல்லி, செத்துப்போன நாலஞ்சு பெரியவங்களையும் சேத்துப் பாடுறார். எழுதி வச்ச பாட்டு இல்லை, அன்னைக்கு அங்கேயே கட்டினது.

யாரு பாக்கிறான்னு தேடவேண்டிய அவசியமே வரலை. எங்க ஊர் வாட்ஸப் குழுவில் பழசைத் தள்ளிப் பாத்தா, இணைப்புக்கு வாலில் `?t=1290` என்று ஒட்டி ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க. 1290 செகண்ட், அதாவது இருபத்தொண்ணரை நிமிஷம். "எங்க அப்பா பேரு வருது கேளுங்க" என்று மட்டும் எழுதியிருந்தது. அதைத் துபாய்க்கும் சென்னைக்கும் தள்ளிவிட்டிருக்காங்க. எல்லாரும் தாண்டிப்போற துண்டுக்குள்ளே, சிலர் தேடி வந்து திருப்பித் திருப்பிக் கேக்கிற ரெண்டு நிமிஷம் ஒளிஞ்சு கிடந்திருக்கு. நான் பதினாறு நிமிஷத்துக்கு ஒரே பேரு போட்டதால் அது தெரியாம இருந்தது. 21:30-ல் "நம்ம தெருவும் பெரியவங்களும்" என்று புதுசா ஒரு வரி சேத்தேன். ஒரு வாரத்தில் அந்தக் கூன் நல்ல கொம்பாயிட்டு.

காளிப்புலையன் கதையையும் சொல்லணும். முக்கால் மணி நேரம். அதில் கொம்பு பெருசா இல்லை, வந்தவங்க கொஞ்சம் பேர்தான். ஆனா சரிவும் இல்லை. மேசை மாதிரி தட்டையாக் கிடந்தது. வந்தவன் கடைசி வரைக்கும் இருந்தான்னு அர்த்தம். சாமி அழைப்பு அதுக்கு நேர் எதிர். வீடியோவிலேயே உயரமான கொம்பு அதுதான், மூணாவது நிமிஷத்திலேயே பாதி சரிஞ்சுது. சராசரி மட்டும் பாத்தா சாமி அழைப்புக்குத்தான் மவுசுன்னு தோணும். கதை கேக்கிற ஆளு எங்கே இருக்கான்னா அந்தத் தட்டையான இடத்தில். 2022 மே மாசத்திலிருந்து யூடியூபே ஓடுற கோட்டுக்கு மேலே, அதிகம் திருப்பிப் பாத்த இடத்தை மலை மாதிரி வரைஞ்சு எல்லாருக்கும் காட்டுது. அது மலையை மட்டுந்தான் காட்டும், மேசையைக் காட்டாது.

சாமி அழைப்பு ஏன் சரியுதுன்னு பாத்தேன். 2:51:00-ல் அழைப்பு தொடங்குது. உடுக்கு மெதுவா இருக்கும். ஆள் எழும்பி ஆடுறது 2:58 வாக்கில். ஏழு நிமிஷம் காத்திருக்க மாட்டாம ஆள்கள் கையை எடுத்துர்றாங்க. சரி, குறியை 2:58-க்குத் தள்ளிருவோம், கோடு நிமிரும்னு நினைச்சேன். ஒரு மரியாதைக்கு அண்ணாவி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். திண்ணையில் வெத்திலை இடிச்சுக்கிட்டிருந்தார்.

"தள்ளுனா அவன் என்னத்தப் பாப்பான்?"

"சாமி ஆடுகத பாப்பான் அண்ணாவி."

"ஒருத்தன் குதிக்குதத பாப்பான். அந்த ஏழு நிமிசம் உடுக்கு ஏறாம சாமி எங்கேருந்து மக்கா வரும்? உனக்குக் கோடு நேராவணும்னு என் பாட்டுக்குத் தலைய வெட்டாத."

வெட்டலை. 2:51-ஐ அப்படியே விட்டு, பேரை மட்டும் "சாமி அழைப்பு: உடுக்கு ஏறுதல்" என்று மாத்தினேன். 2:58-க்கு "அருள்" என்று தனியா ஒரு வரி. இப்போ பாதிப்பேர் நேரா அருளுக்குப் போறாங்க. மிச்சப்பேர் உடுக்கில் இறங்கி, அந்த ஏழு நிமிஷமும் இருந்து, அருளுக்குள்ள போறாங்க. இந்த ரெண்டு கூட்டமும் முன்னால் ஒரே கொம்பில் கலந்து கிடந்தாங்க. மொத்தத்தில் பாத்த நேரம் கூடினதா குறைஞ்சதான்னா, ஒரு ஆள் சராசரியாப் பாக்கிற நிமிஷம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வழி தெரிஞ்சவன் தேடி அலைய மாட்டான், வேலையை முடிச்சுட்டுப் போவான். நஷ்டம்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை, மூணரை மணி நேரத்தைத் தடவித் தடவிப் பாத்த நிமிஷத்தையெல்லாம் பாட்டுக் கேட்ட நிமிஷம்னு எண்ண எனக்கு மனசு வராது.

அன்னைக்கு அண்ணாவியிடம் நாட்டுவளச் சண்டையையும் சொல்லிட்டேன். கோபப்படுவார்னு பாத்தேன். உள்ளே போய்ப் பழைய நோட்டு ஒண்ணை எடுத்துட்டு வந்தார். அவரோட குருவிடமிருந்த ஏட்டைப் பாத்து எழுதின கதை. ஓரத்தில் அங்கங்கே சிவப்பு மையில் புள்ளியும் பிறையுமா அடையாளம்.

"இது என்ன அண்ணாவி?"

"தாவுக எடமாக்கும். சில கோயில்ல சாமி சீக்கிரம் வந்துரும். சில எடத்தில சாமக்கொடைக்கு நேரமாயிப்போவும். அப்ப இந்தப் புள்ளியிலேருந்து அந்தப் புள்ளிக்குத் தாவணும். கேக்கவனுக்குத் தாவுனது தெரியப்பிடாது." கொஞ்ச நேரம் நோட்டைத் திருப்பினார். "நாட்டுவளத்துலயும் புள்ளி இருக்கு பாத்துக்கோ. மலை, ஆறு, தோப்பு எல்லாத்தையும் தாவலாம். ஊர்ப்பேரு சொல்லுக எடத்தில புள்ளி கெடையாது."

கமிட்டியில் மறுபடி பேசினோம். தம்பிக்குக் கோட்டின் அந்தப்பக்கத்தைக் காட்டினேன், வாட்ஸப் இணைப்பையும் காட்டினேன். அவன் படிச்ச பையன், உடனே புரிஞ்சுக்கிட்டான். ஆனா செண்டை மேளத்துக்கு முன்பணம் ஏற்கெனவே குடுத்தாச்சு. கடைசியில் நாட்டுவளம் பத்து நிமிஷம்னு முடிவாச்சு, எதை விடுறதுங்கிறது அண்ணாவி இஷ்டம். இந்தப் பங்குனியில் அவர் மலையையும் தோப்பையும் தாவினார். எங்க குளத்தில் தண்ணி பெருகினதும் நேரா தெருவுக்குள்ள வந்துட்டார். கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியலை.

புது வீடியோவை போன ஞாயித்துக்கிழமை ஏத்தினேன். ஏத்துறதுக்கு முன்னாடியே மைக் சோதனையை வெட்டிட்டேன். சாப்டர் பேரெல்லாம் இந்தத் தடவை அண்ணாவி போனில் சொல்லச்சொல்ல நான் எழுதினது. ஒன்பது துண்டு பதினாலு துண்டாயிருக்கு. வருபொருளைக் காப்போட சேக்கக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டார்.